சனிக்கிழமை இரண்டு மணி, எந்த ஊரில்?

"அண்ணா, இண்டைக்கு வகுப்பு இல்லையோ? பிள்ளை அரை மணித்தியாலமா ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்."

மார்ச் மாதத்தின் நடுவில் டொராண்டோவிலிருந்து இப்படி ஒரு செய்தி வராமல் இருப்பதில்லை. வகுப்பு உண்டு, இன்னும் அரை மணி நேரத்தில் தொடங்கும். லண்டனில் வார இறுதியில் நடக்கும் ஒரு சமூகத் தமிழ்ப் பள்ளியின் செயலிக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது, சனிக்கிழமை தேநீர் உண்டு. ஆரம்பத்தில் லண்டன் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்த பள்ளி இது. குடும்பங்கள் கனடாவுக்கும் நார்வேக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மாறிப் போயின, பிள்ளைகள் இணையம் வழியே அதே பள்ளியில் தொடர்ந்தார்கள். ஆசிரியர்களில் சிலர் சென்னையிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். வகுப்பு நேரம், வீட்டுப்பாடம், கட்டணம் எல்லாம் ஒரே செயலியில் வருகிறது.

பெற்றோருக்குக் கைபேசி தெரியவில்லை என்று பள்ளி நிர்வாகிகள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்து வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. செயலி ஒரு நாட்டின் வழக்கத்தை உலக வழக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கே உடைகிறதோ அங்கே ஒரு கேள்வி பிறக்கிறது.

கடிகாரம் யாருடையது?

முதலில் அந்த மார்ச் மாதக் கேள்வி. இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் அதில் மாற்றம் இல்லை. ஐரோப்பாவும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, இலையுதிர் காலத்தில் பின்னால் இழுக்கின்றன. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, இரண்டு கண்டங்களும் ஒரே நாளில் இதைச் செய்வதில்லை என்பது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு.

2026ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் ஆசிரியை சனிக்கிழமை மாலை 7.30க்கு வகுப்பு எடுக்கிறார். குளிர்காலத்தில் அது லண்டனில் பிற்பகல் 2 மணி, டொராண்டோவில் காலை 9 மணி. மார்ச் 8ஆம் தேதி டொராண்டோ கடிகாரம் மாறுகிறது. அடுத்த சனிக்கிழமை, மார்ச் 14 அன்று, வகுப்பு லண்டனில் பழையபடி 2 மணிக்கே, டொராண்டோவில் 10 மணிக்கு. ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்த பிள்ளைதான் மேலே சொன்ன பிள்ளை. மார்ச் 29ஆம் தேதி லண்டன் கடிகாரமும் மாறிவிடும். ஏப்ரல் 4 அன்று லண்டன் பிள்ளைகளுக்கு வகுப்பு 3 மணி. இப்போது குழம்புவது லண்டன் பெற்றோர் முறை.

இதற்குச் செயலியில் எழுதி வைத்திருந்த பழைய பதில், "உங்கள் நாட்டின் நேர மாற்றத்தைக் கவனிக்கவும்" என்பது. இந்தப் பதிலால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. லண்டன் அம்மாவைப் பொறுத்தவரை அவருடைய நாட்டில் 2 மணி என்றால் 2 மணிதான். நேரம் மாறியது அவருடைய வீட்டுக் கடிகாரத்தில் இல்லை, சென்னையோடு இருக்கும் இடைவெளியில். உண்மையில் பள்ளிதான் முதலில் ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். வகுப்பு எந்த ஊர்க் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது?

சென்னைக்குக் கட்டுப்பட்டது என்று வைத்தால், ஆசிரியைக்கு நிம்மதி. ஆனால் லண்டன், ஆஸ்லோ, டொராண்டோ எல்லா ஊர்களிலும் ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வகுப்பு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். சனிக்கிழமை மூன்று மணிக்கு நீச்சலுக்குப் போகும் பிள்ளை ஏப்ரலில் தமிழையோ நீச்சலையோ விட்டாக வேண்டும். எதை விடுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லண்டனுக்குக் கட்டுப்பட்டது, எப்போதும் பிற்பகல் 2 மணி என்று வைத்துப் பாருங்கள். ஆஸ்லோவில் அது ஆண்டு முழுவதும் 3 மணி. ஐரோப்பாவில் எல்லா ஊர்களும் ஒரே நொடியில் மாறுவதால் அங்கே குழப்பமே கிடையாது. டொராண்டோவில் ஆண்டு முழுவதும் காலை 9 மணி, நான்கு சனிக்கிழமைகளைத் தவிர. 2026இல் அவை மார்ச் 14, 21, 28, பிறகு அக்டோபர் 31. அந்த நான்கு நாளும் 10 மணி. சென்னை ஆசிரியைக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் 6.30. ஆண்டுக்கு இரண்டே முறை ஒருவருடைய நேரம் மாறுகிறது, அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிள்ளைகள் அதிகம் இருக்கும் ஊரின் கடிகாரத்தை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஆசிரியைகள் சிலர் இதை ஏற்க மாட்டார்கள், அவர்களுக்கும் வீடு உண்டு.

முடிவு எதுவானாலும், செயலிக்குள் நேரத்தைப் பதிவு செய்யும்போது ஊரின் பெயரோடு பதிய வேண்டும். உலகின் பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் நேரத்துக்கென ஒரு பொதுப் பட்டியலை வைத்திருக்கின்றன. அதில் லண்டனின் பெயர் Europe/London, சென்னை உட்பட இந்தியா முழுமைக்கும் Asia/Kolkata. "Europe/London, 14.00" என்று பதிந்தால் கோடையா குளிர்காலமா என்பதைக் கைபேசியே பார்த்துக்கொள்ளும். "கிரீன்விச் நேரம் 14.00" என்று பதிந்துவிட்டால் அது ஆண்டு முழுவதும் அப்படியே நிற்கும், லண்டனில் ஏப்ரல் முதல் 3 மணி என்று காட்டும். செயலியில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் பெற்றோர் பிப்ரவரி வகுப்பையும் மே மாத வகுப்பையும் அட்டவணையில் திறந்து பார்த்தால் போதும். பள்ளி எந்த ஊர் நேரத்தில் நடப்பதாகச் சொல்கிறதோ அந்த ஊரில் இரண்டும் ஒரே மணியில் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா தனிக்கதை. அங்கே பருவம் தலைகீழ் என்பதால் ஏப்ரலில் கடிகாரம் பின்னால் போகும், அக்டோபரில் முன்னால் வரும். அதிலும் சிட்னியும் மெல்பர்னும் மாற்றும், பிரிஸ்பேன் மாற்றாது. சென்னையிலிருந்து ஞாயிறு காலை 10 மணிக்கு நடக்கும் தனி வகுப்பு பிரிஸ்பேனில் என்றும் 2.30. சிட்னியில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 3.30, மீதி மாதங்களில் 2.30. ஒரே நாட்டில் இருக்கும் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு நேரம் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வது இதனால்தான். கடிகாரம் மாறுவது ஞாயிறு விடியற்காலையில். அதே ஞாயிறு பிற்பகலில் வகுப்பு இருப்பதால் அவர்களுக்கு ஒரு வாரம் சுதாரித்துக்கொள்ளக்கூட இடைவெளி இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேரம் தவறாகக் காட்டினால், கைபேசியைத்தான் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வந்த கையோடு, நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு மணியை மட்டும் கையால் திருத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. திரையில் மணி சரியாகத் தெரியும். உள்ளே கைபேசி தன்னை இன்னும் யாழ்ப்பாணத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அமைப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குப் போய்த் தானியங்கி நேர மண்டலத்தை இயக்கிவிட்டால் தீர்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் நேரம் அறிவிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மணிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். "நாளை 2 மணி" என்பது ஐந்து நாட்டில் ஐந்து மணி.

ஒன்பதாம் மாதமா, ஒன்பதாம் தேதியா?

"என் மகளைக் கூடப் படிக்கிறவங்களைவிட ஒரு வகுப்பு மேலே போட்டிருக்கீங்க" என்று நியூஜெர்சியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். பதிவைத் திறந்தால் பிறந்த தேதி 09/08/2018. அவர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எழுதியிருக்கிறார், செப்டம்பர் 8. பிரிட்டனில் செய்யப்பட்ட செயலி அதை ஆகஸ்ட் 9 என்று படித்துக்கொண்டது.

வெறும் முப்பது நாள் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். இங்கிலாந்தில் பள்ளி ஆண்டின் எல்லைக்கோடு செப்டம்பர் 1. 2018 ஆகஸ்ட் 9 அன்று பிறந்த பிள்ளை 2026 செப்டம்பரில் நான்காம் ஆண்டுக்குப் போகும். 2018 செப்டம்பர் 8 அன்று பிறந்த பிள்ளை மூன்றாம் ஆண்டுக்குத்தான் போகும். எங்கள் பள்ளியும் அதே எல்லைக்கோட்டை வைத்து வகுப்புப் பிரிப்பதால், ஒரு சாய்கோட்டின் இரு பக்கமும் இடம் மாறியதில் பிள்ளை ஒரு வகுப்பு தாண்டிவிட்டாள்.

இந்தத் தவறு எல்லாப் பிள்ளைகளுக்கும் நேராது. தேதி 12க்கு மேல் இருந்தால் அப்படி ஒரு மாதம் இல்லையே என்று செயலி ஏற்க மறுக்கும், அம்மா திருத்திவிடுவார். தேதியும் மாதமும் ஒரே எண் என்றால் எப்படிப் படித்தாலும் சரி. மீதமுள்ள நாட்கள் ஆண்டில் 132. அந்த நாட்களில் பிறந்தவர்களுடைய பதிவில் செயலி முணுமுணுக்காமல் தவறை வாங்கி வைத்துக்கொள்ளும். எனவே இதற்கான பதிலில் விளக்கம் எழுதுவதைவிட, பதிவுப் பக்கத்தையே மாற்றுவதுதான் சரி. மாதத்தை எழுத்தால் காட்ட வேண்டும். "8 செப்டம்பர் 2018, சரிதானா?" என்று ஒரு வரி காட்டினால் அம்மா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

தேதி சரியாக இருந்தும் வகுப்பு பொருந்தாமல் போவது இன்னொரு வகை. 2018 மார்ச்சில் பிறந்த இரண்டு பிள்ளைகள், பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். 2026 செப்டம்பரில் லண்டனில் இருப்பவன் நான்காம் ஆண்டு, டொராண்டோவில் இருப்பவன் மூன்றாம் வகுப்பு. ஒன்ராறியோவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு, அதுவும் ஆறு வயது நிறையும் ஆண்டில்தான் முதல் வகுப்பு. இரண்டு பையன்களும் தமிழில் ஒரே பாடத்தைப் படிக்க முடியும். ஆனால் செயலி "வகுப்பு 4" என்று காட்டியதும் டொராண்டோ சித்தப்பாவுக்குத் தன் மகனை அவசரப்பட்டு மேலே ஏற்றிவிட்டார்கள் என்று சந்தேகம் வருகிறது. தமிழ்ப் பள்ளி தன் படிகளுக்கு "நிலை" என்று பெயர் வைத்துக்கொண்டால், பெற்றோர் அதை உள்ளூர் வகுப்போடு ஒப்பிட்டுக் குழம்புவது பாதி குறையும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: "என் மகள் பெயரைத் தேடினால் இல்லை என்கிறது. பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது."

கௌரி, கெளரி. அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு பெயர்களையும் பாருங்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியாது. முதல் பெயரில் இருப்பது "கௌ" என்ற ஓரெழுத்து. இரண்டாவதில் இருப்பது "கெ", அதன் பக்கத்தில் தனியாக ஒரு "ள". ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் ளகரமும் ஒரே வடிவத்தில் இருப்பதால், விசைப்பலகையில் ஔகாரம் எங்கே என்று தேடிக் களைத்தவர் "கெ" போட்டு "ள" போட்டு முடித்துவிடுகிறார். கண் ஏற்றுக்கொள்கிறது. கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். கௌதம், சௌமியா, மௌனிகா என்று நம் பிள்ளைகளின் பெயர்களில் ஔகாரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் இந்தக் கேள்விக்கும் பஞ்சமில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெயரின் தொடக்கத்தில் சுட்டியை வைத்து அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகருங்கள். சரியாகத் தட்டியிருந்தால் "கௌரி"யை இரண்டு தாவலில் கடந்துவிடலாம். மூன்று தாவல் பிடித்தால், நடுவே ஒரு ளகரம் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இதைவிடக் கள்ளத்தனமானது ஸ்ரீ. ஸ்ரீராம், ஸ்ரீநிதி என்று பெயர் உள்ள வீடுகளில், அம்மாவின் கைபேசியில் தட்டிய ஸ்ரீயும் அப்பாவின் மடிக்கணினியில் தட்டிய ஸ்ரீயும் திரையில் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒன்று "ஸ்" என்ற எழுத்தில் தொடங்கியது, மற்றது "ஶ்" என்ற வேறோர் எழுத்தில் தொடங்கியது. இந்த "ஶ" 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முன் ஸ்ரீயை ஸகரத்தில்தான் எழுதியாக வேண்டும். புது எழுத்து வந்த பிறகு சில விசைப்பலகைகள் புது வழியில் தட்டுகின்றன, சில பழைய வழியிலேயே தொடர்கின்றன. இதில் பெற்றோர் செய்த தவறு எதுவும் இல்லை, அவர்களைத் திருத்தித் தட்டச் சொல்லவும் முடியாது. அம்புக்குறி சோதனையும் இங்கே உதவாது.

எனவே இது செயலி செய்தவர்கள் தீர்க்க வேண்டியது. பெற்றோர் தட்டிய பெயரைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, தேடுவதற்கென்று மறைவாக ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நகலில் இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்கலாம், "கெள"வைக் "கௌ"வாக்கலாம். கடைசியாகச் சொன்னதில் ஒரு கவனம் வேண்டும். ளகரத்தின் மேல் புள்ளியோ பக்கத்தில் வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடக்கூடாது, இல்லையென்றால் வெள்ளையனும் தெளிவும் பாழாகிவிடும். அப்படியும் எங்காவது தப்பாக ஒன்று சேர்ந்துவிட்டால் பெரிய இழப்பில்லை. தேடும்போது வேண்டாத பெயர் ஒன்று கூடுதலாக வரும், அவ்வளவுதான். ஆனால் சான்றிதழ் அச்சிடும்போது இந்த நகலைப் பயன்படுத்தவே கூடாது. பிள்ளையின் பெயரைக் கணினி திருத்தி அச்சிட்ட சான்றிதழோடு மேடையிலிருந்து இறங்கும் பாட்டிகளின் கோபம் சாதாரணமானதல்ல.

பெயரைப் பற்றிய இன்னொரு கேள்வி அப்பாக்களிடமிருந்து வருகிறது: "நானும் என் மகனும் ஏன் வேறு வேறு குடும்பம்?" நம் வழக்கத்தில் மகனின் இரண்டாம் பெயர் அப்பாவின் பெயர். அப்பாவின் இரண்டாம் பெயர் தாத்தாவின் பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் சில வேளை அவருடைய அப்பாவின் பெயரே தொடரும். கடைசிப் பெயர் ஒன்றாக இருந்தால்தான் குடும்பம் என்று எண்ணும் செயலி, ஒரே வீட்டில் மூன்று குடும்பத்தைக் கண்டுபிடித்து, அக்கா தம்பிக்குரிய கட்டணச் சலுகையை அப்பா கணக்கில் காட்டாமல் விட்டுவிடும். இதற்கு ஒரே வழி, பதிவு செய்யும்போது குடும்பத்துக்கென ஓர் எண் கொடுத்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் அந்த எண்ணால் இணைப்பது. இந்தக் கேள்வி வந்தால் பெற்றோர் பெயரை மாற்ற முயல வேண்டாம் என்று நான் பதிலின் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். சிலர் சலுகைக்காக மகனின் பெயரைத் திருத்தி, பிறகு தேர்வுச் சான்றிதழில் பாஸ்போர்ட்டோடு பொருந்தாத பெயரை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

கைபேசி எண் பற்றிய கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கடவுச்சொல் குறுஞ்செய்தி வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பூஜ்யத்தை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, இலங்கை எல்லாவற்றிலும் உள்ளூரில் பூஜ்யத்தோடு தொடங்கும் எண், நாட்டுக் குறியீடு சேரும்போது பூஜ்யத்தை இழக்கும். +44 போட்ட பிறகு 07 என்று தொடங்கக் கூடாது, 7 என்றே தொடங்க வேண்டும். நார்வே எண்ணில் அந்தப் பூஜ்யமே கிடையாது, அங்கிருப்பவர்களுக்கு இந்தப் பதில் புரியாது. ஆகவே நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் அந்நாட்டு உதாரணம் மட்டும் தெரியும்படி பதிலைப் பிரித்து வைத்திருக்கிறோம். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் உள்ளூர் சிம் போடுகிறவர்கள், புறப்படும் முன் மின்னஞ்சலையும் இரண்டாவது வழியாகச் சேர்த்துவிட வேண்டும். சிம்மைக் கழற்றிய பிறகு குறுஞ்செய்தி, பெட்டிக்குள் கிடக்கும் லண்டன் எண்ணுக்குத்தான் போகும்.

வீட்டுப்பாடத்தில் வந்த புதிர்

ஆஸ்லோவில் இருக்கும் ஓர் அப்பா அனுப்பிய திரைப்படத்தில் வீட்டுப்பாடத்தின் தலைப்பு இப்படி இருந்தது:

```
jkpo; gs;sp
```

வைரஸ் புகுந்துவிட்டதா என்று கேட்டிருந்தார். வைரஸ் இல்லை, பாமினி. அந்தத் தலைப்பு "தமிழ் பள்ளி".

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் கணினியில் தமிழ் எழுத ஒரு குறுக்குவழி இருந்தது. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து ஓர் எழுத்துருவாக்கிவிடுவார்கள். பாமினியில் j இருக்கும் இடத்தில் "த" வரையப்பட்டிருக்கும், k இடத்தில் "ம", p இடத்தில் இகரக் குறி, o இடத்தில் "ழ", அரைப்புள்ளி இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே jkpo; என்று தட்டினால் திரையில் "தமிழ்" தெரியும். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான், தமிழ் என்பது மேலே போட்ட சட்டை. பாமினி இருக்கும் ஆசிரியரின் மடிக்கணினியில் சட்டை பொருந்துகிறது. பாமினி இல்லாத பெற்றோரின் கைபேசியில் கழன்றுவிடுகிறது.

ஈழத்திலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் பத்திரிகை, கோயில் மலர், திருமண அழைப்பிதழ் என எல்லாவற்றுக்கும் பாமினி புழங்கியது. அதில் விரல் பழகிய ஆசிரியர்கள் இருபது ஆண்டுப் பாடத்தாள்களை அதிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் எல்லாவற்றையும் புதிதாகத் தட்டுங்கள் என்று சொல்வது நியாயமில்லை.

அவசரத்துக்கு, கோப்பைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்பச் சொல்லலாம். எழுத்துருவும் கூடவே உள்ளே போய்விடும், எல்லாக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும், அச்சிடலாம். ஆனால் அந்தப் பிடிஎஃபிலிருந்து ஒரு சொல்லை நகலெடுத்து அகராதியில் ஒட்டினால் மறுபடி அதே ஆங்கில எழுத்துகள்தான் வரும். செயலிக்குள் தேடினாலும் கிடைக்காது. சத்தமாக வாசித்துக் காட்டும் வசதி, "ஜே, கே, பி, ஓ" என்று ஒப்பிக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோர் பிள்ளைக்கு உதவ அந்த வசதியைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதால் இது சின்னக் குறை இல்லை.

நிரந்தர வழி யூனிகோடுக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு நொடியில் மாற்றித் தரும். மாற்றிய பிறகு தமிழ்ப் பகுதியைவிட ஆங்கிலப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். மென்பொருளுக்கு எது நிஜ ஆங்கிலம், எது வேடமிட்ட தமிழ் என்று தெரியாது, கண்ணில் பட்டதையெல்லாம் தமிழாக்கிவிடும். "பூனை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் cat என்று எழுதியிருந்த பாடத்தாள் மாற்றத்துக்குப் பிறகு "பூனை – உயவ" என்று வந்தது. ஒரு பையன் அதையும் ஐந்து முறை எழுதிக்கொண்டு வந்தான். ஆங்கிலம் கலந்த தாள்களில் தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றினால் இது நேராது. வேர்டு கோப்பாக இருந்தால் எந்தச் சொல் பாமினியில் இருக்கிறது என்று எழுத்துருப் பெட்டியே காட்டும்.